ஔவையார் சுற்றிப்போன ஒன்பது எழுத்துகள்

ஆத்திசூடியை மனப்பாடம் செய்யாத தமிழ்ப் பிள்ளைகள் குறைவு. அகர வரிசையில் ஓர் எழுத்துக்கு ஓர் அறிவுரை என்று ஔவையார் கட்டிய மாலை அது. முதலில் பன்னிரண்டு உயிர், அடுத்து ஆய்தம், அதன்பின் க, ங, ச, ஞ என்று பதினெட்டு உயிர்மெய். எழுத்து வரிசையும் ஒழுக்கமும் சேர்ந்தே குழந்தையின் நாக்கில் ஏற வேண்டும் என்பது அவருடைய திட்டம். க வந்தால் வரி க-வில் தொடங்கும். ச வந்தால் ச-வில் தொடங்கும்.

ட வரும்போது திட்டம் நின்றுவிடுகிறது. அந்த வரி 'இடம்' என்று தொடங்குகிறது. அடுத்த ண-வுக்கு 'இணக்கம்'. கொஞ்சம் தள்ளி ய-வுக்கு 'இயல்பு', ர-வுக்கு 'அரவம்', ல-வுக்கு 'இலவம்'. கடைசி நான்கு எழுத்துகளான ழ, ள, ற, ன ஆகியவற்றுக்கு முறையே அழகு, இளமை, அறன், அனந்தல். ஒன்பது இடங்களில் எழுத்து இரண்டாவதாகத்தான் வருகிறது. அதற்கு முன்னால் அகரமோ இகரமோ காவலுக்கு நிற்கிறது. ஆய்தத்துக்கும் இதே கதைதான். அங்கே 'அஃகம்', அதாவது தானியம்.

வேறு வழி அவருக்கு இல்லை. ட-வில் தொடங்கும் தமிழ்ச் சொல் ஒன்றைத் தேடிப் பார்த்தால் ஏன் என்று தெரிந்துவிடும். டமாரம், டம்பம், டாம்பீகம் என்று நாக்குக்கு வருபவை எல்லாம் ஒலிக்குறிப்பாகவோ வேற்றுமொழிச் சரக்காகவோ இருக்கும். ண, ழ, ள, ற, ன ஆகியவற்றில் தொடங்க அந்தச் சரக்குகூடக் கிடைப்பது அரிது.

இந்தத் தடையைத்தான் பள்ளிப் பாடமும் போட்டித் தேர்வு வழிகாட்டிகளும் 'மொழி முதல் எழுத்துகள், மொழி இறுதி எழுத்துகள்' என்ற தலைப்பில் சொல்லித் தருகின்றன. இங்கே மொழி என்றால் சொல். ஒரு சொல்லின் தலையில் எந்த எழுத்து நிற்கலாம், வாலில் எந்த எழுத்து நிற்கலாம் என்பதே விஷயம். ஒற்றை மதிப்பெண் கேள்வி. ஆனாலும் தேர்வறையை விட்டு வெளியே வந்ததும் அதிகம் வாக்குவாதம் நடக்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று. ஒருவர் 22 என்பார், ஒருவர் 103 என்பார், மூன்றாமவர் 94 என்று சாதிப்பார். மூவரிடமும் ஆதாரம் இருக்கும்.

முதலில் நன்னூலின் கணக்கைப் பார்த்துவிடலாம். பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய நூல் அது. இன்றைய பள்ளி இலக்கணம் பெரும்பாலும் அதன் வழியில்தான் நடக்கிறது. பன்னிரண்டு உயிரெழுத்துகளும் சொல்லுக்கு முதலில் வரும். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. மெய்யெழுத்து தனியாக, புள்ளியோடு, தமிழ்ச் சொல்லின் தலையில் நிற்காது. உயிரோடு சேர்ந்துதான் வரும். அப்படி வரக்கூடியவை க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ, ங என்ற பத்து வரிசைகள். மீதமுள்ள ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்ற எட்டும் வாரா. ஔவையார் சுற்றிப்போன ஒன்பதில் ய-வை மட்டும் எடுத்துவிட்டால் மிச்சம் இந்த எட்டுதான். ய ஏன் அந்தப் பட்டியலில் சேர்ந்தது என்பது சுவையான விஷயம். அதற்குப் பிறகு வருவோம்.

பத்து வரிசைக்கும் ஒரே அளவு உரிமை கிடையாது. க, ச, த, ந, ப, ம என்ற ஆறும் பன்னிரண்டு உயிரோடும் சேர்ந்து முதலில் வரலாம். ஆறு பன்னிரண்டு எழுபத்திரண்டு. வ-வுக்கு எட்டு இடம்தான். ய-வுக்கு ஆறு. ஞ-வுக்கு நான்கு: ஞமலி, ஞாயிறு, ஞெகிழி, ஞொள்கல் என்ற சொற்களில் வரும் ஞ, ஞா, ஞெ, ஞொ. ங-வுக்கு ஒன்றே ஒன்று. அதுவும் தனியாக வராது. அங்ஙனம், இங்ஙனம், எங்ஙனம் என்று சுட்டெழுத்தோ வினாவெழுத்தோ கைபிடித்து அழைத்து வந்தால்தான் 'ஙனம்' என்ற சொல் வெளியே தலைகாட்டும். எல்லாவற்றையும் கூட்டினால் உயிர் 12, உயிர்மெய் 91, ஆக 103.

தேர்வில் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் வ-வும் ய-வும்தான். ஞ-வின் நான்கை எப்படியோ மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். வ-வில் எந்த எட்டு, ய-வில் எந்த ஆறு என்பதில் தடுமாற்றம் வருகிறது. இங்கேயும் ஔவையாரையே கேட்கலாம்.

ஆத்திசூடியில் பதினெட்டு உயிர்மெய்யும் முடிந்த பிறகு, க, ச, த, ந, ப, ம, வ என்ற ஏழு வரிசைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் உயிர்வரிசைப்படி பாடிக்கொண்டு போகிறார். க, கா, கி, கீ என்று க வரிசை கௌ வரை நகரும். வ வரிசையில் வல்லமை, வாது, வித்தை, வீடு வரை எல்லாம் ஒழுங்கு. அடுத்து வு வர வேண்டிய இடத்தில் 'உத்தமன்' வந்து நிற்கிறான். வூ-வுக்குப் பதில் 'ஊர்'. பிறகு வெ, வே, வை மூன்றும் சரியாக வருகின்றன. வொ வர வேண்டிய இடத்தில் 'ஒன்னார்', வோ வர வேண்டிய இடத்தில் 'ஓரம்'. வு, வூ, வொ, வோ என்ற நான்கும் சொல்லுக்கு முதலில் வராது என்று சூத்திரம் எதுவும் சொல்லாமலே அவர் காட்டிவிட்டார். நான்கு இடத்திலும் வ் கழன்று விழ, அதனோடு இருந்த உயிர் மட்டும் தலையில் நிற்கிறது.

ஏன் இந்த நான்கு மட்டும்? உதட்டைக் கவனித்தால் தெரியும். உ, ஊ, ஒ, ஓ நான்கும் உதடு குவிந்து பிறப்பவை. வ-வும் உதட்டை நம்பிப் பிறக்கும் எழுத்து. குவிகிற உதட்டுக்கு முன்னால் இன்னொரு உதட்டொலியைக் கொண்டுபோய் வைத்தால் இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்துவிடுகின்றன. பேச்சில் 'ஒண்ணு' என்று பலர் சொல்லும்போது அதன் தலையில் மெல்லிய வகரம் ஒன்று தானாக ஒட்டிக்கொள்வதைக் கேட்கலாம். ஒ, வொ என்று இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்கத் தமிழ்க் காது பழகவில்லை. அந்தப் பழக்கம் இன்றும் மாறவில்லை என்பதற்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாமே சாட்சி. வெள்ளைக்காரர் கொண்டுவந்த சொல் வோட்டு. நாம் போடுவது ஓட்டு.

ய-வின் கதை இதற்கு நேர் எதிர்ப்பக்கம். இ, ஈ, எ, ஏ நான்கும் நாக்கு முன்பக்கம் எழும்பிப் பிறப்பவை. ய-வும் அதே இடத்துப் பிறவி. அதனால் யி, யீ, யெ, யே நான்கும் சொல்லுக்கு முதலில் வாரா. 'எலி'யை 'யெலி' என்று சொல்லும் ஊர்கள் உண்டு. சொல்கிறவருக்கு வேறுபாடே தெரியாது, எழுதும்போது எலி என்றுதான் எழுதுவார். கிறிஸ்தவ வேதத்தைத் தமிழில் எழுதியவர்கள் 'யேசு' என்ற தொடக்கத்தை மொழிக்குப் பொருத்த வேண்டியிருந்தது. முன்னால் இகரம் சேர்த்தால் இயேசு. யகரத்தை விட்டுவிட்டால் ஏசு. இரண்டு வடிவமும் இன்றுவரை புழக்கத்தில் இருக்கின்றன. இந்த நான்கோடு யை, யொ என்ற இரண்டும் விலக்கு. அவற்றுக்கு இந்த ஒலிக் காரணம் அப்படியே பொருந்தாது. அவற்றில் தொடங்கும் சொற்கள் வழக்கில் இல்லை, அவ்வளவுதான். மிச்சம் நிற்பவை யவனர், யானை, யுகம், யூகம், யோகம், யௌவனம் என்ற சொற்களின் முதலெழுத்துகள்.

அந்த ஆறு சொற்களை மீண்டும் ஒருமுறை படித்தால் ஒன்று புலப்படும். யானையைத் தவிர மற்றவை வெளியிலிருந்து வந்தவை. தொல்காப்பியர் ய வரிசையில் யா ஒன்றை மட்டும்தான் முதலெழுத்தாக ஒப்புக்கொண்டார். அவர் காலத்துக்கும் பவணந்தி காலத்துக்கும் இடையே பல நூற்றாண்டுகள் ஓடின. வடசொற்கள் நிறைய வந்து சேர்ந்தன. பவணந்தி கதவைக் கொஞ்சம் அகலத் திறந்தார், யகரத்துக்கு ஆறு இடம் கிடைத்தது. ஔவையாரோ யா என்ற நெட்டெழுத்தில் தொடங்க வாய்ப்பில்லாத இடத்தில் இருந்தார். அவருக்கு வேண்டியது குறில் ய. அதில் வீட்டுச் சொல் இல்லை. அதனால்தான் இயல்பு.

தொல்காப்பியத்துக்கும் நன்னூலுக்கும் உள்ள இந்த இடைவெளியே தேர்வு வாக்குவாதங்களின் வேர். தொல்காப்பியக் கணக்கில் க, த, ந, ப, ம ஐந்தும் பன்னிரண்டு உயிரோடும் வரும், அது அறுபது. ச வரிசையில் ச, சை, சௌ மூன்றும் வாரா என்பதால் ஒன்பது. வ எட்டு. ஞ வரிசையில் ஞா, ஞெ, ஞொ மூன்று. யா ஒன்று. உயிர் பன்னிரண்டையும் கூட்டினால் 93. இதோடு 'நுந்தை' என்ற சொல் ஒன்று இருக்கிறது. உன் தந்தை என்று பொருள். அதன் முதலெழுத்தில் உள்ள உகரத்தைக் குறுக்கி ஒலிப்பது பழைய வழக்கு என்பதால், குற்றியலுகரமும் முதலில் வரும் என்று தொல்காப்பியர் ஒரு தனி இடம் கொடுத்தார். அதையும் சேர்த்தால் 94.

சரி, 22 எங்கிருந்து வருகிறது? வரிசையாக எண்ணாமல் எழுத்தாக எண்ணினால் வருகிறது. நன்னூலில் உயிர் 12, மெய் 10, ஆக 22. தொல்காப்பியத்தில் உயிர் 12, மெய் 9, குற்றியலுகரம் 1, ஆக 22. இரண்டு நூலுக்கும் விடை ஒன்றுபோலத் தோன்றினாலும் உள்ளே இருக்கும் ஆள் வேறு. அங்கே நுந்தையின் உகரம் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இங்கே ங உட்கார்ந்திருக்கிறது. வழிகாட்டி நூல்களை மேலோட்டமாகப் புரட்டுகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இது. 22 என்ற விடை மட்டும் நினைவில் இருக்கும், எந்த 22 என்பது இருக்காது.

சகரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் ச என்ற குறிலில் சொல்லே தொடங்காது என்று தொல்காப்பியம் சொல்வதைக் கேட்டு, அப்படியானால் சட்டி, சண்டை, சந்து எல்லாம் என்ன என்று இன்றைய வாசகர் திடுக்கிடலாம். உரையாசிரியர்களும் திடுக்கிட்டார்கள். காலந்தோறும் புதிய சொற்கள் வழக்கில் வந்து சேர்வதைத் தள்ளக்கூடாது என்று தொல்காப்பியமே வேறோர் இடத்தில் சொல்வதை எடுத்துக் காட்டி, சட்டியைக் காப்பாற்றினார்கள். அந்தச் சூத்திரத்துக்கு வேறு பாடம் உண்டு, சௌ ஒன்றைத்தான் அது விலக்குகிறது என்று வாதிட்ட அறிஞர்களும் இருக்கிறார்கள். வழக்கு முடிந்தபாடில்லை. ஔவையாரின் ச-வுக்கான வரி தயக்கமே இல்லாமல் சனியில் தொடங்குகிறது. அவர் காலத்தில் சகரம் முழுக் குடியுரிமை பெற்றுவிட்டது என்பது மட்டும் உறுதி.

இலக்கண நூல் இல்லை என்று சொல்வதாலேயே மொழி அடங்கிவிடுவதும் இல்லை. ஞி முதலில் வராது என்பதில் தொல்காப்பியமும் நன்னூலும் ஒரே குரல். ஆனால் வண்டைக் குறிக்கும் 'ஞிமிறு' சங்கப் பாடலிலேயே பறந்துகொண்டிருக்கிறது. தேர்வில் ஞி வருமா என்று கேட்டால் வராது என்றுதான் எழுத வேண்டும். ஞிமிறைச் சொல்லி மதிப்பெண் வாங்க முடியாது.

ங-வின் நிலைமை இன்னும் வேடிக்கை. ஆத்திசூடியின் ங வரி ங-விலேயே தொடங்குகிறது, அது எப்படி? அங்கே ங என்பது எந்தச் சொல்லும் இல்லை, அந்த எழுத்தேதான். அதன் வளைந்த உருவத்தைக் காட்டித்தான் அறிவுரை சொல்லப்படுகிறது. முதலில் வராத எழுத்தும் தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்ளும்போது முதலில் வரலாம் என்று தொல்காப்பியம் சலுகை கொடுத்திருக்கிறது. அந்தச் சலுகை இல்லாவிட்டால் லகரம், ழகரம், னகரம் என்று இலக்கண ஆசிரியரே வாய்திறக்க முடியாது.

இனி வாலுக்கு வருவோம். சொல்லின் இறுதியில் வரும் எழுத்துகள் 24 என்பது நன்னூல் கணக்கு. உயிர் 12, மெய் 11, குற்றியலுகரம் 1. இதை அப்படியே மனப்பாடம் செய்த மாணவர் பள்ளிப் பாடநூலைத் திறந்தால் 'உயிரெழுத்து தனித்துச் சொல்லின் இறுதியில் வராது' என்ற விதியைப் பார்க்கிறார். பன்னிரண்டும் வரும் என்கிறது ஒன்று, வராது என்கிறது மற்றொன்று. எது சரி?

இரண்டும் சரி. பலா என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தாளில் பார்த்தால் அதன் கடைசி எழுத்து லா, அது உயிர்மெய். வாயால் நீட்டிச் சொல்லிப் பார்த்தால் கடைசியில் நிற்கும் ஒலி ஆ, அது உயிர். நன்னூல் காதால் எண்ணுகிறது. லா என்பது ல் முதலிலும் ஆ பின்னாலும் ஒலிக்கும் கூட்டு, எனவே பலா ஆகாரத்தில் முடிகிறது. அதே கணக்கில் கிளி இகரத்தில் முடியும், தீ ஈகாரத்தில், பூ ஊகாரத்தில், தை ஐகாரத்தில். பாடநூல் கண்ணால் எண்ணுகிறது. அ, ஆ, இ என்ற உயிரெழுத்து வடிவமே சொல்லின் கடைசியில் நிற்பது 'ஏஎ', 'ஆஅ' போன்ற அளபெடையில் மட்டும்தான். புணர்ச்சியில் நிலைமொழி ஈறு எது என்று கேட்டால் காதுக் கணக்கு வேண்டும். மொழி இறுதியில் வராத எழுத்து எது என்று பள்ளிப் பாடத்தை ஒட்டிக் கேட்டால் கண் கணக்கு வேண்டும். இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் இப்பகுதியில் குழப்பம் பாதி தீர்ந்தது.

மெய்யெழுத்தில் இந்த இரட்டைக் கணக்கு இல்லை. ஞ், ண், ந், ம், ய், ர், ல், வ், ழ், ள், ன் என்ற பதினொன்றும் இறுதியில் வரும். இவற்றில் மூன்று பெயருக்குத்தான் இருக்கின்றன. ஞ் இறுதியாவது 'உரிஞ்' என்ற ஒரே சொல்லில், உராய்தல் பொருளது. ந் இறுதியாவது பொருந், வெரிந் என்ற இரண்டில். வெரிந் என்றால் முதுகு. வ் இறுதியாவது அவ், இவ், உவ், தெவ் என்ற நான்கில். தெவ் என்றால் பகை. இன்றைக்கு இந்த ஏழையும் தேர்வுத் தாளுக்கு வெளியே யாரும் சந்திப்பதில்லை. நடைமுறையில் மண், மரம், நாய், வேர், பகல், தமிழ், முள், மீன் என்று எட்டு மெய்தான் தமிழ்ச் சொல்லை முடிக்கின்றன.

க், ச், ட், த், ப், ற் என்ற வல்லினம் ஆறும், மெல்லினத்தில் ங்-உம் இறுதியில் வரவே வாரா. இங்கே ஒரு பொறி உண்டு. 'அந்தப் பையன்', 'பாடத்தைப் படி' என்று எழுதும்போது முதல் சொல்லின் கடைசியில் ப் நிற்கிறதே என்று கேட்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். அந்த ப் சொல்லோடு பிறந்ததில்லை. அடுத்த சொல்லின் தலையில் இருக்கும் வல்லெழுத்து இழுத்துக்கொண்டு வந்தது. 'அந்த மனிதன்' என்றால் அது காணாமல் போய்விடும். சொல்லைத் தனியே நிறுத்திப் பார்த்து, அப்போதும் ஒட்டிக்கொண்டிருந்தால்தான் அது மொழி இறுதி எழுத்து.

வல்லினத்தில் முடிய முடியாத சொற்களுக்குத் தமிழ் செய்துகொடுத்த ஏற்பாடுதான் குற்றியலுகரம். நாக்கு, பேச்சு, காடு, பந்து, சோப்பு, காற்று என்று ஒவ்வொரு வல்லினத்துக்கும் பின்னால் அரை மாத்திரை அளவுக்கு ஓர் உகரம். பட்டியலில் சோப்பு எப்படி நுழைந்தது என்று கேட்கலாம். ஆங்கிலத்திலிருந்து வந்த சொல், வந்த இடத்தில் உகரத்தை வாங்கிக்கொண்டது. ரோடு, கேட்டு, சீட்டு, பாக்கெட்டு எல்லாம் அதே வழியில் நடந்தவை. இவற்றுக்கு உகரம் சேர்க்கச் சொல்லி யாரும் சட்டம் போடவில்லை. க், ட், ப் ஆகியவற்றில் நாவை நிறுத்தத் தெரியாத வாய்தான் சேர்த்தது.

வந்தேறிய சொற்களை இந்த இரண்டு விதியிலும் உரசிப் பார்ப்பது நல்ல பயிற்சி. மீட்டர் என்ற சொல் தலையிலும் வாலிலும் தேறிவிடும். மீ முதலில் வரும், ர் இறுதியில் வரும். ரயில் தலையில் தோற்று வாலில் தேறும். கப் தலையில் தேறி வாலில் தோற்கும். அதனால்தான் கடைக்காரர் வாயில் அது கப்பு. டிக்கெட் இரண்டு பக்கமும் தோல்வி. வாலை 'டிக்கெட்டு' என்று சரிசெய்துகொண்டோம், தலையை அப்படியே விட்டுவிட்டோம்.

தலையைச் சரிசெய்யவும் நன்னூலில் வழி இருக்கிறது. வடசொல் ர-வில் தொடங்கினால் முன்னால் அ, இ, உ மூன்றில் ஒன்றும், ல-வில் தொடங்கினால் இ, உ இரண்டில் ஒன்றும், ய-வில் தொடங்கினால் இகரமும் சேரும். அரங்கன், இராமன், உரோமம், இலங்கை, இயமன் எல்லாம் இப்படிச் சேர்ந்தவை. ஔவையார் கையாண்ட அதே காவல் எழுத்துகள்தாம். இரயில், இலண்டன் என்று எழுதுகிறவர்கள் இந்த விதியைத்தான் பின்பற்றுகிறார்கள். அதே சமயம் பேச்சுத் தமிழ் எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு ரெண்டாகிவிட்டது. நிரம்ப என்பது ரொம்ப ஆகிவிட்டது. அடேய் என்பதில் அகரத்தை உதறிவிட்டு டேய் என்றுதான் தெருவில் கூப்பிடுகிறார்கள். ர-விலும் ட-விலும் தொடங்கும் சொற்களைத் தமிழ்ப் பேச்சு தானே உண்டாக்கிக்கொண்டுவிட்டது. எழுத்துத் தமிழ் மட்டும் இன்னும் கதவடைத்து வைத்திருக்கிறது.

உயிர்மெய்யில் இறுதிக்கு வராதவை எவை என்பதையும் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது. ங வரிசை எதுவும் வராது. எகரக் குறில் மெய்யோடு சேர்ந்து இறுதியில் வராது. கெ, செ, தெ என்று எந்தச் சொல்லும் முடிவதில்லை. ஒகரக் குறிலில் நொ என்ற ஒன்று மட்டும் வரும். வருந்து என்று பொருள் தரும் ஓரெழுத்துச் சொல் அது. ஔகாரம் கௌ, வௌ என்ற இரண்டில் மட்டும் வரும்.

இப்போது மாதிரிக்கு ஒரு கேள்வி. 'மொழிக்கு முதலில் வாராத எழுத்து எது: ஞெ, யூ, வோ, நௌ?' மனப்பாடம் வேண்டியதில்லை. ந ஆறு முழு வரிசைகளில் ஒன்று, அதனால் நௌ வரும். மானைக் குறிக்கும் நௌவி சான்று. யூ-வில் நாக்கு மோதல் இல்லை, யூகம் என்ற சொல்லும் இருக்கிறது. ஞெ நால்வரில் ஒருவர். வோ-வில் உதடும் உதடும் மோதுகின்றன. விடை வோ. இன்னொன்று: 'மொழிக்கு இறுதியில் வரும் எழுத்து எது: நெ, நொ, ங, ப்?' ஒகரக் குறிலின் ஒரே பிரதிநிதி நொ. விடை அதுதான்.

எண்ணிக்கைக் கேள்வியில் மட்டும் இந்தத் தந்திரம் எதுவும் உதவாது. 'மொழிக்கு முதலில் வரும் எழுத்துகள் எத்தனை?' என்று மொட்டையாகக் கேட்டுவிட்டு 22, 94, 103 என்று மூன்றையும் விடைகளாகக் கொடுத்தால், எழுதுகிறவர் கேள்வி தயாரித்தவரின் மனத்தைத்தான் ஊகிக்க வேண்டும். தொல்காப்பியத்தின்படியா, நன்னூலின்படியா, எழுத்தாக எண்ணவா, வரிசையாக எண்ணவா என்பதை வினாத்தாள் அமைப்பவர்கள் கேள்வியிலேயே எழுதிவிட வேண்டும்.